வண்டிக் கடனை முன்கூட்டியே முடிப்பவர்கள் ஹெச்.பி. கேன்சல் ஆகும்வரை கவனிக்க வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் பக்கம் பலருக்கு வண்டி கேரளப் பதிவு, ஃபைனான்ஸ் மட்டும் பொள்ளாச்சியிலோ கோவையிலோ இருக்கும். டியூ கட்டும்வரை இதனால் ஒரு தொல்லையும் இல்லை. கடனை முடித்து, ஆர்.சி.யில் இருக்கும் ஃபைனான்ஸ் பெயரை, அதாவது ஹெச்.பி.யை, நீக்கப் போகும்போதுதான் அலைச்சல் ஆரம்பிக்கிறது. ஃபைனான்ஸில் கேட்டால் "ஆர்.டி.ஓ. ஆபீஸில் பாருங்கள்" என்பார்கள். ஆர்.டி.ஓ. ஆபீஸில் "ஃபைனான்ஸ்காரரிடம் சரியாக வாங்கி வாருங்கள்" என்பார்கள். நடுவில் நாள் கூலியை விட்டுவிட்டு அலைபவர் கடைசி ரூபாய் வரை கட்டி முடித்தவர். இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

முதலில் முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணம். "ரிசர்வ் வங்கி இனி அபராதமே கூடாது என்று சொல்லிவிட்டது" என்ற பேச்சு ஊரெல்லாம் சுற்றுகிறது. பாதிதான் உண்மை. 2026 ஜனவரி 1 முதல் கொடுக்கப்படும் அல்லது புதுப்பிக்கப்படும் கடன்களுக்குப் புது விதி உண்டு. சொந்தத் தேவைக்குத் தனிநபர் வாங்கிய, அவ்வப்போது ஏறி இறங்கும் மிதக்கும் வட்டிக் கடனை எப்போது முடித்தாலும், பணம் எங்கிருந்து வந்திருந்தாலும் கட்டணம் வாங்கக் கூடாது. ஆனால் வண்டிக் கடன், அதிலும் ஃபைனான்ஸ் கம்பெனிகள் கொடுப்பது, பெரும்பாலும் நிலையான வட்டிதான். நிலையான வட்டிக்கு அந்தச் சலுகை இல்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் கட்டணத்தை அவர்கள் வாங்கலாம். அதனால் சண்டைக்குக் கிளம்பும் முன் கடன் ஒப்பந்தத்தை எடுத்து, வட்டி மிதக்கும் வகையா நிலையானதா என்று பாருங்கள். 2024 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய கடனானால் முக்கிய விவரத் தாள் ஒன்று கையில் இருக்க வேண்டும். வட்டி விகிதமும் எல்லாக் கட்டணங்களும் அதில் இருக்கும். அதில் இல்லாத ஒரு கட்டணத்தை, உங்கள் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு சேர்க்க முடியாது.

நிலையான வட்டி என்றால் அவர்கள் சொல்லும் தொகையை அப்படியே கட்டிவிட வேண்டும் என்று அர்த்தமில்லை. தென்னந்தோப்பு வைத்திருக்கும் ஒரு அண்ணன், குடும்பத்துக்காக எடுத்த காரின் கடனை முடிக்கப் போனார். நாலு லட்சம் கடன், நிற்கிற அசலுக்கு மட்டும் 12 சதவீத வட்டி, 48 மாதம், மாத டியூ சுமார் 10,534 ரூபாய். 24 டியூ கட்டிய பிறகு நிற்கிற அசல் சுமார் 2,23,770 ரூபாய். ஒப்பந்தத்தில் "நிலுவை அசலில் 5 சதவீதம்" என்று இருந்தது. கவுண்டரில் கேட்டதோ முதலில் வாங்கிய நாலு லட்சத்துக்கு 5 சதவீதம், அதாவது 20,000 ரூபாய், மேலே ஜி.எஸ்.டி. வேறு. நியாயமான கணக்கு 11,188 ரூபாயும், 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,014 ரூபாயும், மொத்தம் 13,202 ரூபாய். முன்கூட்டிக் கட்டும் தொகைக்குத்தான் கட்டணம், தொடக்கத்தில் வாங்கிய கடனுக்கு இல்லை என்பதைப் புது விதியும் சொல்கிறது. "அந்த வரியைக் காட்டுங்க சார்" என்று ஒப்பந்தத்தை நீட்டிய பிறகுதான் கணக்கு மாறியது. காட்டத் தெரியாதவர்கள் எத்தனை பேர் அந்த 20,000 ரூபாயைக் கட்டியிருப்பார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

இதே கணக்கில் இன்னொன்றும் பாருங்கள். பாதியில் முடித்தால் மிச்சமாகும் வட்டி சுமார் 29,000 ரூபாய். கட்டணம் போக 15,800 ரூபாய் கையில் நிற்கும். ஆனால் 36 டியூ கட்டிவிட்டுக் கடைசி வருடத்தில் முடித்தால், மிச்சமாகும் வட்டி சுமார் 7,850 ரூபாய்தான். நிற்கும் அசல் 1,18,560 ரூபாய்க்குக் கட்டணமும் வரியும் சேர்ந்து 7,000 ரூபாய் ஆகிவிடும். கிடைப்பது எண்ணூற்றுச் சொச்சம். வண்டியை உடனே விற்க வேண்டிய அவசரம் இல்லையென்றால் கடைசி வருடத்தில் டியூவையே கட்டிக்கொண்டு போகலாம்.

முடிப்பது என்று தீர்மானித்தால் வாய்வார்த்தைக் கணக்கை நம்பிப் பணம் கட்டாதீர்கள். முன்கூட்டி முடிக்கும் கணக்குத் தாளை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அசல், அன்றுவரை வட்டி, கட்டணம், வரி, செக் திரும்பியதற்கான தொகை எல்லாம் தனித்தனியாக இருக்க வேண்டும். அந்தத் தொகை எந்தத் தேதிவரை செல்லும் என்பதும் இருக்க வேண்டும். ஒரு நாள் தள்ளினால்கூட வட்டி ஏறும். குறைவாகக் கட்டிவிட்டால் சில்லறை பாக்கியைக் காட்டிக் கணக்கை மூடாமல் வைத்திருப்பார்கள். பணத்தை ஏஜென்ட் கையில் கொடுக்காமல் கடன் கணக்கு எண்ணுக்கே நேராகக் கட்டுங்கள். வங்கியிலிருந்து தானாக டியூ பிடிக்கும் உத்தரவை ரத்து செய்யவும் அன்றைக்கே எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடித்த கடனுக்கு அடுத்த மாதமும் பணம் பிடித்த கதைகள் நிறைய இருக்கின்றன.

இன்னொரு பொறி ஜாமீன். தம்பிக்கோ மச்சானுக்கோ அதே கம்பெனியில் ஜாமீன் போட்டிருந்து, அவர் டியூ கட்டாமல் விட்டிருந்தால், உங்கள் கடன் முடிந்தும், ஆட்சேபணை இல்லை என்ற சான்றான என்.ஓ.சி. தர மறுப்பார்கள். ஒப்பந்தத்தின் எந்தப் பிரிவின்படி மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் மறுப்பவர்கள் எழுதித் தரும்போது இறங்கி வருவதுண்டு. கணக்கை முடிக்கப் பணம் திரட்டும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பணம் கட்டிய பிறகு கைக்கு வர வேண்டியவை கணக்கு முடிந்த கடிதம், என்.ஓ.சி., ஃபைனான்ஸ் கையெழுத்தும் முத்திரையும் இருக்கும், ஹெச்.பி. முடிந்ததைச் சொல்லும் படிவம் 35 இரண்டு பிரதி. படிவம் 35-ஐ அங்கேயே உட்கார்ந்து படியுங்கள். பொள்ளாச்சிக் கிளையில் பழக்கதோஷத்தில் பொள்ளாச்சி ஆர்.டி.ஓ.வுக்கு என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். கே.எல். 70 வண்டி என்றால் அது பாலக்காடு மாவட்டச் சித்தூர் ஆபீஸுக்குப் போக வேண்டும். எஞ்சின் எண், சேசிஸ் எண், ஆர்.சி.யில் இருக்கிற அதே ஃபைனான்ஸ் பெயர், மூன்றும் எழுத்து மாறாமல் இருக்கிறதா பாருங்கள். கம்பெனி வேறொன்றோடு இணைந்து பெயர் மாறியிருந்தால் அந்த இணைப்புக்கான கடிதத்தையும் அங்கேயே கேட்டு வாங்குங்கள். என்.ஓ.சி.யில் செல்லுபடித் தேதி போட்டிருந்தால் அது போவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். பீரோவில் வைத்து மறந்துவிட்டால் மறுபடியும் அதே வரிசையில் நிற்க வேண்டும்.

இழுத்தடித்தால் உங்கள் கையில் இருக்கும் பிடி இது. 2023 டிசம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி உத்தரவின்படி, கடன் முழுதும் அடைந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தந்து, பதிவில் இருக்கும் தங்கள் உரிமையை நீக்க வேண்டும். அவர்கள் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும். இங்கேயும் ஒரு தடை இருக்கிறது. இது சொந்த உபயோகக் கடனுக்குத்தான். பால் வண்டி, பிக்கப், டாக்ஸி போன்ற தொழில் வண்டிக் கடன் இதில் வராது. சொந்த வண்டிக்காரர் பணம் கட்டிய தேதியிலிருந்து நாளை எண்ணத் தொடங்குங்கள். 31-ஆம் நாள் காலையில், 5,000 ரூபாயைக் குறிப்பிட்டு மின்னஞ்சலோ பதிவுத் தபாலோ அனுப்புங்கள். தாமாக யாரும் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுக்கப்போவதில்லை.

அப்புறம் ஆர்.டி.ஓ. வேலை. vahan.parivahan.gov.in தளத்தில் வண்டி எண்ணும் சேசிஸ் எண்ணின் கடைசி ஐந்து எழுத்துகளும் கொடுத்து, HP Termination என்ற சேவையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அட்சயா மையத்திலும் செய்து தருவார்கள். பலர் மாட்டிக்கொள்வது மொபைல் எண்ணில். வண்டி வாங்கிய அன்று டீலர் தன் எண்ணைப் போட்டிருப்பார், ஓ.டி.பி. அவருக்குப் போகும். முதலில் எண்ணை மாற்ற வேண்டும். இன்சூரன்ஸும் புகைச் சான்றும் உயிரோடு இருக்க வேண்டும். அபராத பாக்கி இருந்தால் தளத்தில் அந்த வண்டிக்கான சேவைகளைத் தடுத்து வைத்திருப்பார்கள். எல்லை தாண்டிப் போய்வரும் நமக்குத் தமிழகத்தில் போட்ட அபராதமும் இருக்கலாம். அதனால் echallan.parivahan.gov.in-இல் முன்பே பார்த்துக் கட்டிவிடுங்கள். திரையில் காட்டும் கட்டணத்தைக் கட்டி ரசீதை எடுத்துக்கொள்ளுங்கள். ரசீது இல்லாத "செலவு" எதையும் கேட்டால் கொடுக்காதீர்கள்.

வண்டியைத் தமிழகத்தில் விற்பவர்கள் ஒன்றைக் குழப்பிக்கொள்கிறார்கள். ஃபைனான்ஸ் தரும் என்.ஓ.சி. வேறு. வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் படிவம் 28 என்.ஓ.சி. வேறு. ஹெச்.பி. நீக்கிய பிறகு இரண்டாவதுக்கு விண்ணப்பியுங்கள். வாங்குபவரிடம் "எல்லாம் ரெடி" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

ஃபைனான்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தியில்லை என்றால், cms.rbi.org.in-இல் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. கணினி தெரியாதவர்கள் தமிழிலேயே எழுதிச் சண்டிகரில் உள்ள அவர்களின் புகார் மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம். 14448 என்ற எண்ணிலும் விவரம் கேட்கலாம். கிளைக்கு எழுதிய முதல் புகாரின் நகலும், அது அவர்களுக்குக் கிடைத்ததற்கான அத்தாட்சியும் இல்லாமல் அனுப்பினால் திரும்பி வந்துவிடும். தெரிந்தவர்களிடம் வாங்கும் கைக்கடனும் பதிவில்லாத வட்டிக் கடையும் இந்தக் குறைதீர்ப்பாளரின் கைக்குள் வராது.

ஆர்.சி. விவரத்தைத் திரையில் திறந்து, ஃபைனான்ஸ் பெயர் போய்விட்டதா என்று பார்த்த பிறகு இன்சூரன்ஸ் பாலிசியையும் எடுத்துப் பாருங்கள். அதிலும் அவர்கள் பெயர் இருக்கும். அதை நீக்காமல் வைத்திருந்து வண்டி முழுதாக நொறுங்கினாலோ திருடு போனாலோ, இழப்பீட்டுக் காசு உங்கள் கைக்கு வருவதற்கு முன் மறுபடியும் அந்த ஃபைனான்ஸ் ஆபீஸில் போய் ஒரு கடிதம் கேட்டு நிற்க வேண்டும். புதிய ஆர்.சி. நகலையும் என்.ஓ.சி.யையும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பி, பெயரை நீக்கிய திருத்தத் தாளை வாங்கி பாலிசியோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.