‘காண்ட்ராக்ட் மேரேஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊர்ப் பக்கத்தில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளி, முந்திரி ஆலையில் தோல் உரிக்கும் வேலைக்குப் போகும் பெரியம்மை ஒருவர் இருக்கிறார். மாலையில் கை கழுவி வந்ததும், தமிழில் குரல் கொடுக்கப்பட்ட கொரியத் தொடரைப் பேரப்பிள்ளையின் கைபேசியில் பார்ப்பார். ஒரு நாள் அவர் அருகில் உட்கார்ந்து, “பெரியம்மை, காண்ட்ராக்ட் மேரேஜ் என்கிறார்களே, அது என்ன என்று புரிகிறதா?” என்று கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், “இது ஒத்திக்கு எடுத்த கல்யாணம் மக்களே. கெடு தீந்தா பைசாவைக் குடுத்திட்டு வீட்ட விட்டு எறங்கணும், அவ்வளவுதான்” என்றார். இச்சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எந்த அகராதியிலும் கண்டதில்லை.

முதலில் சொல்லின் வரலாற்றைப் பார்க்கலாம். ஆங்கிலத்தின் ‘காண்ட்ராக்ட்’, ஒன்றாகச் சேர்த்து இழுத்தல் என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. ஆனால் நம் திரைக்கு வரும் தொடர்களில் அச்சொல் வெறும் மொழிபெயர்ப்பே. மூலத்தில் இருப்பது கொரியத்தின் ‘கெயாக் கியொல்ஹோன்’. இதன் முதற்பகுதியான ‘கெயாக்’ சீன எழுத்து வழி வந்த சொல்லாகும்; அதே இரண்டு எழுத்துகளைச் சீனர் ‘சியுவே’ என்றும் ஜப்பானியர் ‘கெய்யாக்கு’ என்றும் படிக்கின்றனர். அவற்றுள் முதல் எழுத்துக்கு மரத்தில் கீறல் இட்டுக் கணக்கு வைத்தல் என்பதும், இரண்டாவதற்குக் கயிற்றால் கட்டுதல் என்பதும் பழைய பொருள். கொரியத்திலிருந்து ஆங்கிலத் துணையுரைக்கும், அதிலிருந்து தமிழ்க் குரலுக்கும் வரும் வழியில் கீறலும் கயிறும் மறைந்துவிட, ‘காண்ட்ராக்ட்’ மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது. எங்கள் மாவட்டத்திலோ அச்சொல்லைக் கேட்டதும் சாலைப் பணியும் வீடு கட்டும் மேஸ்திரியும்தான் நினைவுக்கு வருகிறார்கள்.

தமிழில் ‘ஒப்பந்தத் திருமணம்’ என்பது உடனே கிடைக்கும் இணைச்சொல். ‘ஒப்பு’ என்ற வேரின் தெளிவும் அதில் இருக்கிறது; தெலுங்கிலும் கன்னடத்திலும் அச்சொல் சிறு மாற்றத்துடன் வழங்குகிறது. மலையாளத்தில் ஒப்பந்தத்தைக் ‘கரார்’ என்பார்கள். நாம் கண்டிப்பு என்ற பொருளில் சொல்லும் ‘கறார்’ என்பதும் அதே அரபு மூலத்தினதுதான். ஒப்புக்கொண்டதில் நெகிழாதவர் கறாரானவர். எனினும் ‘ஒப்பந்தத் திருமணம்’ என்பதில் எனக்கு ஒரு தடை உண்டு. இசுலாமியச் சட்டத்தில் நிக்காஹ் அடிப்படையிலேயே ஓர் ஒப்பந்தம். ஆனால் அது பொதுவாகக் கெடு வைத்துச் செய்யப்படுவதன்று. தொடர்களில் வரும் மணத்தை மற்ற மணங்களிலிருந்து பிரிப்பது எழுத்தில் ஒப்புதல் இருப்பதன்று, முடியும் நாள் முன்னரே குறிக்கப்பட்டிருப்பதுதான். ஆகவே கதைக்கூறாக இதைக் குறிக்கும்போது ‘தவணை மணம்’ என்பதையே நான் பரிந்துரைப்பேன். தவணை என்பதற்குக் குறித்த காலம் என்ற பொருள் ஏற்கெனவே உண்டு. சொல்லும் எவருக்கும் புதிதன்று.

பெரியம்மையின் ‘ஒத்தி’ என்ற சொல்லில் அவரே அறியாத ஒரு பொருத்தமும் இருக்கிறது. எழுத்தில் ‘ஒற்றி’ எனப்படும் ஒத்தியில், குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையை வீட்டுக்காரரிடம் முன்னதாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் வாழ்கிறார். கெடு முடிந்ததும் தொகை அப்படியே திரும்பி வருகிறது, வீடு உரியவரிடம் போகிறது. கொரியாவில் இதே முறை ‘ஜொன்செ’ என்ற பெயரில் வழங்குகிறது. பெரும்பாலும் 2 ஆண்டுக் கெடு. தொகையோ வீட்டு விலையில் பாதிக்கு மேல் போவதும் உண்டு. சியோலில் வேலைக்குச் சேர்ந்த ஓர் இளம்பெண்ணால் அவ்வளவு பணத்தைத் திரட்ட முடியாது. தவணை மணக் கதைகள் பலவற்றில் காதலுக்கு முன்பே வீட்டுப் பிரச்சினை வருவதற்கு இது ஒரு காரணம் என்பது என் கணிப்பு. 2004இல் வந்த ‘ஃபுல் ஹவுஸ்’ என்ற கொரியத் தொடரை எடுத்துக்கொள்ளலாம். இறந்த தந்தை கட்டிய வீட்டில் எழுத்தாளராக விரும்பும் ஒரு பெண் வாழ்கிறாள். நண்பர்கள் அவளை ஏமாற்றி வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு வீட்டை விற்றுவிடுகிறார்கள். வாங்கியவன் ஒரு நடிகன். அந்த வீட்டை மீட்கத்தான் அவள் அவனுடன் தவணை மணத்துக்கு உடன்படுகிறாள். அவள் கையெழுத்திடும்போது அவள் மனத்தில் இருப்பது மாப்பிள்ளையன்று, தந்தை கட்டிய சுவர்.

இக்கதைக்கூறு ஏன் திரும்பத் திரும்ப வருகிறது என்பதற்கான விடை அந்த ஒப்பந்தத் தாளிலேயே உள்ளது. வாரம் இரண்டு நாள், பகுதிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், மொத்தம் 16 பகுதி என்பது கொரியக் குறுந்தொடரின் பழகிய அளவு. அறிமுகமில்லாத இருவரை இத்தனை மணி நேரம் ஒரே கூரையின்கீழ் வைக்க வேண்டும். அதே வேளையில் அவர்களுக்கிடையே தூரமும் இருக்க வேண்டும். தனித்தனி அறை, தொடக்கூடாது, குடும்ப நிகழ்ச்சிகளில் மட்டும் கணவன் மனைவி, யாரிடமும் சொல்லக்கூடாது, காதலிக்கக்கூடாது என்று தாளில் எழுதப்படும் நிபந்தனைகள் இரண்டையும் ஒருங்கே செய்துவிடுகின்றன. எழுதப்பட்ட ஒவ்வொரு நிபந்தனையும் பின்னால் மீறப்படப்போகும் ஒரு காட்சிக்கான வாக்கு. மழையில் நனைந்து காய்ச்சல் வந்தால் ‘தொடக்கூடாது’ உடையும். ஊரிலிருந்து மாமியார் வந்து தங்கினால் ‘தனி அறை’ உடையும். மாமியார் பெட்டியுடன் வாசலில் நின்ற காட்சியில் பெரியம்மை என் முழங்கையைத் தட்டி, “இன்னைக்கு ரெண்டாவது கண்டிசன் போச்சு” என்றார். பார்ப்பவர்கள் அந்தப் பட்டியலை மனத்தில் வைத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வருகிறார்கள் என்று அப்போதுதான் விளங்கியது. கதை எழுதத் தெரியாதவர் தாளைக் கொண்டு கதையை இழுத்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும்: பத்தாவது பகுதியில், இதுவரை யாரும் கேட்டிராத புதிய நிபந்தனை ஒன்று முளைக்கும்.

பணக்கார வாரிசு இத்தொடர்களின் இரண்டாவது கூறு. ஒப்பந்தத்துக்குப் பணம் கொடுக்க ஒருவன் வேண்டும். அவன் பொய்யாகவேனும் மணம் செய்துகொள்ள வேண்டிய கட்டாயமும் வேண்டும். தாத்தாவின் நிறுவனப் பங்குகள் மணமானவனுக்கே என்ற விதி இரண்டையும் கொடுத்துவிடுகிறது. கொரியத்தில் இப்படிப்பட்ட குடும்பப் பெருநிறுவனத்தைச் ‘சேபோல்’ என்பர். செல்வம், குலம் என்ற பொருளுடைய இரு எழுத்துகள் அதில் உள்ளன. குரல் கொடுப்பவர்கள் சொல்லும் ‘வாரிசு’ அரபு வழி வந்தது. வழித்தோன்றல், மரபுரிமையர் என்பன தமிழ் இணைகள். இச்சொல்லுக்கு எங்கள் ஊரில் தனி நினைவு ஒன்று உண்டு. நாஞ்சில் நாட்டு வேளாளர் குடும்பங்களில் மருமக்கள்வழி நடந்த காலத்தில் ஆணின் சொத்து அவன் சகோதரியின் மக்களுக்குச் சென்றது. பெற்ற மக்களுக்கு உகந்துடைமை என்ற பெயரில் ஒரு சிறு பங்குதான். தேரூரில் பிறந்த கவிமணி அதன் துயரத்தை ஒரு மனைவியின் வாயால் சொல்ல வைத்தார். 1926இல் திருவிதாங்கூர் சட்டம் அம்முறையை மாற்றியது. அத்தகைய குடும்பத்து மூதாட்டிகள் இத்தொடர்களைப் பார்க்கும்போது, அவன் அவளை விரும்புகிறானா என்று கேட்பதற்கு முன், சொத்து யார் வழியில் இறங்குகிறது என்று கேட்பதை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். கொரியப் பார்வையாளருக்கும் அக்கேள்வி அந்நியமன்று. குடும்பத் தலைமையை ஆண் வழியில் பதிவு செய்யும் ‘ஹோஜு’ முறை அங்கே 2008 வரை சட்டத்தில் இருந்தது.

மூன்றாவது கூறான மறைந்த அடையாளத்துக்குச் சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை. அஞ்ஞாதவாசம் என்பதை எல்லோரும் அறிவர். தூய வடிவம் வேண்டுவோர் ‘கரந்துறைவு’ எனலாம். கொரியத்தில் இதன் கிளை ஒன்றுக்குப் ‘பிறப்பின் இரகசியம்’ என்றே பெயர். அண்மையில் கைபேசிக்கென்று செங்குத்தாக எடுக்கப்பட்டு வரும் சீனச் சிறுதொடர்களில் இக்கூறுதான் முதலிடம் பெறுகிறது. அவற்றில் ஒரு பகுதி ஓரிரு நிமிடமே. ஒரு கதைக்கு அறுபது முதல் நூறு பகுதி வரை இருக்கும். முதல் சில பகுதிகள் இலவசம், பிறகு பணம். துப்புரவுத் தொழிலாளி என்று அவமதிக்கப்படுபவன்தான் நிறுவன முதலாளி என்று பார்ப்பவருக்குத் தெரியும், அவமதிப்பவருக்குத் தெரியாது. அது தெரியவரப்போகும் நொடிக்கு முன்னால் இலவசம் முடிகிறது. கரந்துறைவு இங்கே கட்டண வாசலின் தாழ்ப்பாளாகப் பயன்படுகிறது. ஒரே அடையாளத்தை மூன்று முறை ‘ஏறத்தாழ’ வெளிப்படுத்தி மறைக்கும் தொடரில் கதை தீர்ந்துவிட்டது என்று அறியலாம்.

இந்தத் தவணை மணங்கள் நம் சட்டத்தில் நிற்குமா என்று கேட்பவர்கள் உண்டு. நிற்காது. இந்து திருமணச் சட்டப்படி, விதிவிலக்கான நிலைமைகள் தவிர, மணமாகி ஓர் ஆண்டுக்குள் மணவிலக்கு மனுவே போட இயலாது. இருவரும் ஒப்பிக் கேட்பதற்கும் ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆறு மாதத் தவணை இங்கே முடியவே முடியாது. ஆனால் பார்ப்பவர்கள் இத்தொடர்களைச் சட்ட நூலாகப் படிப்பதில்லை. எங்கள் மாவட்டத்தில் பெண் வீட்டார் இத்தனை பவுன், இவ்வளவு ரொக்கம் என்று பேசி முடிப்பது 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டத்துக்குப் பிறகும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. அங்கே நிபந்தனைகள் உண்டு, தாள் இல்லை, பெண்ணின் கையெழுத்தும் இல்லை. தொடரில் பெண் மேசையின் எதிர்ப்புறம் உட்கார்ந்து, தன் நிபந்தனையைத் தானே எழுதுகிறாள்; பணமும் அவள் பக்கம் வருகிறது. ஆலையில் உடன் வேலை செய்யும் பெண்களிடம் பெரியம்மை கதை சொல்லும்போது காதல் காட்சியைக் கடந்துவிட்டு, அந்த மேசைக் காட்சியைத்தான் விரித்துச் சொல்கிறாராம். அவருக்கு மூன்று பெண் மக்கள்; மூவருக்கும் நகை பேசியவர் அவர் கணவரும் மாப்பிள்ளையின் தாய்மாமனும்.

கடைசிப் பகுதியை நாங்கள் சேர்ந்து பார்த்தோம். நாயகன் ஒப்பந்தத் தாளைக் கிழித்துக் கடலில் வீசினான், இசை உயர்ந்தது, இருவரும் அணைத்துக்கொண்டார்கள். பெரியம்மை கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, “தாளக் கிழிச்சிட்டான் மக்களே. அவளுக்குக் குடுக்க வேண்டிய பைசா என்னாச்சு?” என்று கேட்டார்.