ஆஸ்பால்ட்: தாரா, நிலக்கீலா, கலவையா?

எங்கள் மனைப்பிரிவின் உள்பாதைக்கு மேல்பூச்சுப் போட வந்த விலைப்புள்ளியில் ‘தார் 20 டன்’ என்று ஒரு வரி இருந்தது. பக்கத்து வீட்டு அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, “இந்தச் சின்ன ரோட்டுக்கு இருபது டன் தாரா?” என்று பதறிப்போனார். கணக்கில் பிழையில்லை, சொல்லில்தான் குழப்பம்.

ஆஸ்பால்ட் கிரேக்கத்தின் ‘ஆஸ்பால்டோஸ்’ என்ற சொல்லிலிருந்து இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ‘வழுக்கி விழாதபடி பிடித்து நிறுத்துவது’ என்பது அதற்குப் பரவலாகச் சொல்லப்படும் பொருள். பாபிலோன் மதிலின் செங்கற்களைச் சூடான ஆஸ்பால்டோஸ் வைத்து ஒட்டியதாகப் பண்டைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். அங்கே அது பசை மட்டுமே. இன்று அமெரிக்கப் பொறியாளர்கள் அந்தக் கறுப்புப் பசையையே ஆஸ்பால்ட் என்கிறார்கள். பிரிட்டனில் பசைக்குப் பெயர் பிட்டுமன், ஜல்லியோடு அது சேர்ந்த கலவைதான் ஆஸ்பால்ட். நம் நெடுஞ்சாலைத் துறைகளிலும் பசையை பிட்டுமன் என்றே எழுதுகிறார்கள்.

‘தார்’ ஆங்கிலத்தின் ‘டார்’. வாழைத்தாருக்கும் மாலையைக் குறிக்கும் பழந்தமிழ்த் தாருக்கும் இதோடு உறவில்லை. சாலைக்கு வந்த அந்தத் தார் நிலக்கரியிலிருந்து வடித்தது. இப்போது போடுவதோ கச்சா எண்ணெயைச் சுத்திகரித்தபின் மிஞ்சும் பிட்டுமன். பொருள் மாறியும் பேச்சில் பெயர் மாறவில்லை. பசைக்கு ‘நிலக்கீல்’ என்ற நல்ல தமிழ்ச் சொல் இருக்கிறது. இதிலுள்ள கீல் பிசினைக் குறிப்பது, கதவுக் கீலும் கீல்வாதத்துக் கீலும் வேறு. பசையை நிலக்கீல் என்றும், ஜல்லியும் மணலும் சேர்ந்ததைத் ‘தார்க்கலவை’ என்றும் பிரித்து எழுதினாலே பாதிக் குழப்பம் போய்விடும். 20 டன் தார்க்கலவையில் நிலக்கீல் ஏறக்குறைய ஒரு டன்தான். மீதியெல்லாம் கல்லும் தூளும்.

இனி அந்த 20 டன் எப்படி வந்தது என்று பார்ப்போம். பாதையின் நீளம் 60 மீட்டர், அகலம் 3.5 மீட்டர், ஆகப் பரப்பு 210 சதுர மீட்டர். ரோலர் ஓடி முடிந்தபின் நிற்க வேண்டிய கனம் 40 மில்லிமீட்டர், அதாவது 0.04 மீட்டர். பெருக்கினால் 8.4 கன மீட்டர். அதை இறுக்கிய அடர்த்தியால் பெருக்க வேண்டும். நெருக்கமான கலவைக்கு அது கன மீட்டருக்கு 2.35 டன் அளவில் இருக்கும்.

```
60 × 3.5 × 0.04 × 2.35 = 19.74 டன்
```

பழைய சாலையில் பள்ளம் இருந்தால் அதைத் தனியாகக் கூட்ட வேண்டும். எங்கள் பாதையில் மூன்றில் ஒரு பங்கு சராசரியாக 10 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தது. அதை நிரப்ப மட்டும் 1.6 டன்.

‘இறுக்கிய’ என்ற அடைமொழிதான் இங்கே உயிர். பேவர் என்ற பரப்பும் இயந்திரம் போட்ட கலவை உதிரியாக, காற்றிடைவெளியோடு கிடக்கும். 40 மில்லிமீட்டர் நிற்க வேண்டுமானால் கிட்டத்தட்ட 50 பரப்ப வேண்டும். 40 மட்டும் பரப்பினால் ரோலருக்குப் பின் 32 அளவில் நிற்கும். சூடு இருக்கும்போதே கம்பியைக் குத்தி அளந்தால் இது அங்கேயே தெரிந்துவிடும். எடைமேடைச் சீட்டும் கைகொடுக்கும். பள்ளத்துக்குப் போனது நீங்கலாக 17 டன்தான் வந்திருந்தால், 17-ஐ 210-ஆலும் 2.35-ஆலும் வகுங்கள். சராசரிக் கனம் 34 மில்லிமீட்டர்தான்.

கனம் சரியாக இருப்பதாலேயே நிம்மதி அடைந்துவிடவும் கூடாது. கலவை ஆறிய பிறகு ரோலர் ஓட்டினால் இறுக்கம் வராது. அடர்த்தி 2.2-இல் நின்றால் அதே 19.74 டன் 42 மில்லிமீட்டருக்கு மேல் உப்பி நிற்கும். அளப்பவர் மகிழ்வார், ஆனால் அந்த உப்பல் முழுக்கக் காற்று. மழைநீர் அதில் இறங்கும், மேலே காய்ந்த பிறகும் ஈரத் திட்டுகள் தெரியும், கொஞ்ச நாளில் செருப்பு உரசினாலே கல் பெயரும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வட்டத்துண்டு வெட்டி எடுக்கிறார்கள். விட்டம் 10 சென்டிமீட்டர், கனம் 4 சென்டிமீட்டர் என்றால் அதன் கன அளவு 314 கன சென்டிமீட்டர். சரியாக இறுகியிருந்தால் எடை 738 கிராம். 2.2-இல் நின்றுவிட்டால் அதே அளவுத் துண்டு 691 கிராம்தான் காட்டும். விளிம்பு ஒழுங்காக இல்லாத துண்டை நீரில் தொங்கவிட்டு மறுபடி நிறுக்கிறார்கள். குறைகிற கிராம் எவ்வளவோ, அவ்வளவு கன சென்டிமீட்டர் அதன் கன அளவு.

எங்கள் விலைப்புள்ளியை ‘தார்க்கலவை, இறுக்கிய கனம் 40 மில்லிமீட்டர், இறுக்கிய அடர்த்தி 2.35, எடைமேடைச் சீட்டின்படி’ என்று திருத்தி எழுதச் சொன்னோம். பள்ளத்துக்கான கலவைக்குத் தனி வரி போட்டார்கள்.