ஏர்வே பில்லும் யூ.எல்.டி.யும்: ஒரு கட்டத்து அளவு சரக்கை எப்படி அடுக்குகிறது

வே பில் என்ற சொல் விமானத்தைவிட மூத்தது. குதிரை வண்டிகள் ஊர்விட்டு ஊர் போன காலத்தில், வண்டியில் ஏறிய ஆட்களையும் மூட்டைகளையும் எழுதிவைத்த பட்டியலுக்கு ஆங்கிலத்தில் அந்தப் பெயர் இருந்தது. வே என்றால் வழி. பில் என்பதன் வேர் முத்திரையைக் குறிக்கும் புல்லா என்ற லத்தீன் சொல். முத்திரையிட்ட ஓலையாக இருந்தது நாளடைவில் வெறும் சீட்டாகிவிட்டது. ஆக, வே பில் என்றால் வழிச்சீட்டு.

வான்வழிச் சரக்குக்கு இந்தப் பெயர் உடனே ஒட்டிக்கொள்ளவில்லை. பன்னாட்டு விமானப் போக்குவரத்துக்கு விதி வகுத்த 1929 வார்சா ஒப்பந்தத்தின் ஆங்கில வடிவத்தில் இதற்கு 'ஏர் கன்சைன்மென்ட் நோட்' என்று பெயர். 1955இல் அதைத் திருத்திய ஹேக் நெறிமுறை வந்தபோதுதான் 'ஏர் வேபில்' ஆனது. 1999 மான்ட்ரியல் ஒப்பந்தம் தாளுக்குப் பதில் மின்பதிவும் போதும் என்றது. தமிழில் 'வான்சரக்கு வழிச்சீட்டு' என்பது பொருந்துகிறது. 'வான்வழிச் சீட்டு' என்று மட்டும் சொன்னால் பயணிகள் டிக்கெட்டோடு குழம்பும். 'ரசீது' என்பதும் பாதிப் பொருளைத்தான் தரும். சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கான சான்றாக இருப்பதோடு, கொண்டுசேர்ப்பதற்கான ஒப்பந்தத்துக்கும் இதுதான் சான்று. அதே சமயம் கப்பல் சரக்குச் சீட்டைப் போல இதைக் கைமாற்றிச் சரக்கின் உரிமையை விற்க முடியாது. கைமாற்றத் தக்கதல்ல என்று சீட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

சீட்டில் என்னென்ன இருக்கும்? அனுப்புநர், பெறுநர், புறப்படும் நிலையம், சேரும் நிலையம், நாணயம், அறிவித்த மதிப்பு எல்லாம் வரும். சீட்டின் எண் 11 இலக்கம். முதல் மூன்று விமான நிறுவனத்தைக் காட்டும். அடுத்த ஏழு வரிசை எண். கடைசி ஒன்று சரிபார்ப்பு இலக்கம். வரிசை எண்ணை 7ஆல் வகுத்து வரும் மீதிதான் அது. வரிசை எண் 1234567 என்றால் மீதி 5, ஆகவே 12345675 என்று முடியும். எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஓர் இலக்கம் தவறினால் பெரும்பாலும் இங்கேயே பிடிபட்டுவிடும்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் இருக்கும் வரிசை: எத்தனை பொதி, மொத்த எடை, கட்டண வகை, கட்டண எடை, அப்புறம் வலது ஓரத்தில் சரக்கின் தன்மையும் அளவும். நீளம், அகலம், உயரம் அந்த ஓரக் கட்டத்தில்தான் வருகின்றன. பலரும் அதைக் கட்டணம் போடுவதற்கான விவரம் என்று மட்டும் நினைக்கிறார்கள். ஆனால் சரக்கு எதன்மேல் ஏறும், எத்தனை இடத்தைப் பிடிக்கும் என்பதைத் திட்டமிடுபவர் பார்ப்பதும் அதைத்தான்.

இங்கேதான் யூ.எல்.டி. வருகிறது. யூனிட் லோட் டிவைஸ் என்பதன் சுருக்கம் அது. பல பொதிகளை ஒரே சுமையாக்கி, அந்தச் சுமையை அப்படியே விமானத்துக்குள் தள்ளிப் பூட்டும் சாதனம். 'அலகுச் சுமைச் சாதனம்' என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் ஒன்றும் புரியாது. 'கொள்கலன்' என்றால் பாதி விட்டுப்போகும். ஏனென்றால் இதில் மூடிய பெட்டகமும் உண்டு, வெறும் அலுமினியத் தட்டும் வலையுமாக இருப்பதும் உண்டு. இரண்டையும் அடக்க 'தொகுசுமை ஏந்தி' என்று சொல்லலாம். தொழிலில் இருப்பவர்கள் யூ.எல்.டி. என்றே சொல்வார்கள், தட்டு வகையைப் பேலட் என்பார்கள்.

ஒவ்வோர் ஏந்திக்கும் மூன்று எழுத்துக் குறி உண்டு. முதல் எழுத்து வகை, இரண்டாவது அடிப்பரப்பு, மூன்றாவது உருவ வரம்பு. AKE என்பது கீழ்த்தளத்தில் அதிகம் காணும் பெட்டகம். அடிப்பக்கம் ஏறக்குறைய 156 × 153 செ.மீ., கொள்ளளவு சுமார் 4.3 கன மீட்டர். விமானத்தின் வயிறு வளைந்திருப்பதால் அதன் ஒரு கீழ்மூலை சாய்வாக வெட்டியிருக்கும். PMC என்பது 318 × 244 செ.மீ. பேலட். அகன்ற உடல் விமானத்தின் கீழ்த்தளத்தில் அதன்மேல் பொதுவாக 160 செ.மீ. உயரம்வரை அடுக்கலாம். சரக்கு விமானத்தின் மேல்தளத்தில் இன்னும் உயரமாகப் போகலாம்.

இனி ஒரு சரக்கை எடுத்துக்கொள்வோம். 12 மரப்பெட்டிகள், ஒவ்வொன்றும் 90 கிலோ. சீட்டில் அளவு இப்படி வருகிறது:

```
100X80X85/12
```

மொத்த எடை 1080 கிலோ. கன அளவை எடையாக்க, கன சென்டிமீட்டரை 6000ஆல் வகுப்பது வழக்கம். ஒரு பெட்டி 6,80,000 கன செ.மீ.; பன்னிரண்டுக்கும் சேர்த்து 1360 கிலோ வருகிறது. இரண்டில் எது பெரிதோ அதுவே கட்டண எடை, ஆகவே 1360.

மொத்தக் கன அளவு 8.16 கன மீட்டர். வெறும் கணக்குப் போட்டால் இரண்டு AKE போதும்போல் தெரியும். ஆனால் 85 செ.மீ. பெட்டியை ஒன்றின்மேல் ஒன்று வைத்தால் 170, உள்ளே நுழையாது. தரையிலும் இப்படிப் பெட்டிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க இடம் போதாது. சரி, PMC பேலட்டைப் பார்ப்போம். வலையை இழுத்துக் கட்ட ஓரங்களில் 5 செ.மீ. விட்டால் 308 × 234 மிஞ்சும். எப்படித் திருப்பி வைத்தாலும் ஓர் அடுக்குக்கு ஆறு பெட்டிதான். கீழ்த்தளத்தில் இரண்டாவது அடுக்குக்கு உயரம் கிடையாது. ஆக 12 பெட்டிக்கு இரண்டு பேலட் வேண்டும். இரண்டிலும் மேலே பாதி இடம் வெறுமையாகவோ, வேறு லேசான சரக்கு கிடைத்தால் நிரப்பவோ இருக்கும்.

பெட்டியின் உயரத்தை 78 செ.மீ. ஆக்க முடிந்தால் கதையே வேறு. இரண்டு அடுக்கும் சேர்ந்து 156. பன்னிரண்டும் ஒரே பேலட்டில் ஏறிவிடும். கட்டண எடையும் 1248 ஆகக் குறையும். விமானத்தில் பேலட் வைக்கும் இடங்கள் எண்ணிக்கையில் அடங்கியவை. நெரிசலான நாளில் ஓர் இடம் கேட்கும் சரக்கு போய்விடும், இரண்டு இடம் கேட்பது அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கும்.

தவறு பெரும்பாலும் இந்த உயரத்தில்தான் நடக்கிறது. தொழிற்சாலையின் பொதிப்பட்டியலில் பெட்டியின் உயரம் மட்டும் 78 என்று இருக்கும். அதை அப்படியே சீட்டில் ஏற்றிவிடுவார்கள். ஃபோர்க்லிஃப்ட் தூக்குவதற்காக அடியில் அடித்த 12 செ.மீ. மரச்சட்டம் கணக்கில் வந்திருக்காது. உண்மை உயரம் 90. கிடங்கில் மறுபடி அளக்கும்போது இரண்டு அடுக்கு 180 ஆகி நிற்கும். ஒரு பேலட் போட்ட திட்டம் உடையும். கட்டண எடை 1440 ஆக ஏறும். சீட்டு ஏற்கெனவே விமான நிறுவனத்தின் கணக்குக்குப் போய்விட்டால் கட்டணத் திருத்த அறிவிப்பு ஒன்று எழுத வேண்டிவரும். அதைவிடத் தொந்தரவு, அந்த ஆறு பெட்டி அன்றைக்கு ஏறாமல் நிற்பது. ஒரே சீட்டின் சரக்கு இரண்டாகப் பிரிந்து போனால், சேருமிடத்தில் இரண்டு பகுதியும் வந்து சேரும்வரை பெறுநர் காத்திருக்க நேரலாம்.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. சீட்டில் பொதிகளின் எண்ணிக்கையையும் எடையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு பொதி 90 கிலோ என்றால் யாரும் கையால் தூக்கப்போவதில்லை, அடியில் சட்டம் இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட பொதிக்கு உயரம் எழுதியிருந்தால், தரையிலிருந்து அளந்ததா என்று அனுப்புநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு அப்புறம் பேலட் திட்டத்தைப் போடலாம்.