பணம் போனது, டிக்கெட் வரவில்லை: அந்த நடுவில் என்ன நடக்கிறது?

தளத்துக்கும் வங்கிக்கும் நடுவில் நின்று பணத்தை வாங்கிச் சேர்க்கும் பேமெண்ட் கேட்வேயில், கணக்கு சரிபார்க்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். தீபாவளி, பொங்கல் முன்பதிவு நாட்களில் என் மேசைக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரிதான் இருக்கும். "பணம் கட்டிக்கொண்டிருந்தேன், திடீரென்று லாகின் பக்கத்துக்குப் போய்விட்டது. பணமும் போச்சு, சீட்டும் இல்லை."

சென்ற தீபாவளிக்கு முன் வந்த ஒரு புகாரையே எடுத்துக்கொள்கிறேன். சென்னையிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆம்னி பஸ், இரண்டு சீட், 3,600 ரூபாய். அந்த அம்மா இரவு 9:02-க்கு சீட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அந்தத் தளம் சீட்டை எட்டு நிமிடம் பிடித்து வைக்கும், அதாவது 9:10 வரை. பயணிகள் விவரம் நிரப்பவே மூன்று நிமிடம் போயிற்று. கூட்ட நேரம் என்பதால் கார்டு பக்கம் திறக்கத் தாமதம், ஓடிபி வரவும் தாமதம். அவர் ஓடிபியைப் போட்டு, வங்கி பணத்தை எடுத்தபோது மணி 9:10 தாண்டி இருபது விநாடி. சீட் அதற்குள் கைவிட்டுப் போயிருந்தது.

இங்கே ஓடுவது ஒரு கடிகாரம் இல்லை, மூன்று. சீட்டைப் பிடித்து வைக்கும் நேரம் ஒன்று, உங்கள் லாகின் செல்லுபடியாகும் நேரம் இன்னொன்று, வங்கியின் ஓடிபி நேரம் மூன்றாவது. ஒன்று முடிந்தது மற்றதற்குத் தெரியாது. சீட் போய்விட்டதே என்று வங்கி பணம் எடுப்பதை நிறுத்தாது.

லாகின் பக்கம் வந்துவிட்டால் பேமெண்ட் தோற்றுவிட்டது என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி நினைக்கத் தேவையில்லை. பணம் கட்டிய செய்தி தளத்துக்கு இரண்டு வழிகளில் போகிறது. ஒன்று உங்கள் பிரவுசர் வழியாக. லாகின் காலாவதியானால் அறுந்துபோவது இந்த வழிதான். மற்றொன்று எங்கள் சர்வரிலிருந்து அவர்கள் சர்வருக்கு நேராக. அது உங்கள் திரையில் என்ன தெரிகிறது என்பதைப் பார்ப்பதில்லை. சீட் இன்னும் பிடியில் இருந்தால், திரை உங்களை வெளியே தள்ளிய பிறகும் டிக்கெட் உறுதியாகிவிடலாம். அதனால் திரும்ப லாகின் செய்ததும் முதலில் பார்க்க வேண்டியது 'என் முன்பதிவுகள்' பக்கம். அந்த அம்மா அதைப் பார்க்காமல் 9:16-க்கு வேறு இரண்டு சீட்டுக்கு மறுபடி பணம் கட்டினார். அவசரத்தில் யாரும் செய்வதுதான். அவருக்கு முதல் டிக்கெட் உறுதியாகவில்லை. உறுதியாகியிருந்தால் நான்கு சீட் கையில் இருந்திருக்கும், இரண்டை ரத்துக் கட்டணம் கொடுத்து விட்டிருக்க வேண்டும்.

(ரயில் தட்கலில் இது வேறு. அங்கே சீட்டை யாருக்கும் பிடித்து வைப்பதில்லை. பணம் சேர்ந்த பிறகே ஒதுக்கீடு. நேரத்துக்குப் பணம் கட்டியும் காத்திருப்புப் பட்டியலில் விழுவது அதனால்தான்.)

அடுத்து, பணம் எங்கே நிற்கிறது? இரண்டு நிலைகள் உண்டு. பணம் எடுக்கப்பட்டும் உறுதிச் செய்தி தளத்தைச் சேரவில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்து நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். கார்டு, யுபிஐ இரண்டுக்கும் இது பொருந்தும். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. செய்தி தளத்தைச் சேர்ந்துவிட்டால் வங்கியைப் பொறுத்தவரை அது வெற்றிகரமான பரிவர்த்தனை. அப்போது ரீஃபண்டைத் தொடங்க வேண்டியது தளம்; அந்த ஐந்து நாள் விதி அங்கே உதவாது.

அந்த அம்மாவுடையது இரண்டாவது வகை. வங்கி "பணம் போய்ச் சேர்ந்துவிட்டது" என்றது, பஸ் தளத்தின் உதவி மையம் "எங்களுக்கு வரவில்லை" என்றது. மூன்று நாள் இப்படியே போயிற்று. இடையில் அவர் கூகுளில் கஸ்டமர் கேர் எண் தேடினார். கிடைத்த எண்ணில் பேசியவர் ரீஃபண்டுக்காக ஒரு ஆப்பை இறக்கச் சொன்னார், போன் திரையை அவர் பார்க்க உதவும் ஆப். மகன் பக்கத்தில் இருந்ததால் தப்பினார். பணத்தைத் திருப்பித் தர ஓடிபியோ, யுபிஐ பின்னோ, திரையோ யாருக்கும் தேவையில்லை. அப்படிக் கொடுத்துப் பணம் போய்விட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள்.

கடைசியில் முடிச்சு அவிழ்ந்தது பரிவர்த்தனை எண்ணால்தான். பெயரையும் தொகையையும் மட்டும் சொன்னால் அந்த இரவின் கூட்டத்தில் எங்களால் தேட முடியாது. பேமெண்ட் பக்கம் காட்டிய எண், வங்கிக் குறுஞ்செய்தியில் வந்த எண், நேரம், தொகை நான்கையும் அவர் மின்னஞ்சலில் அனுப்பினார். உறுதிச் செய்தி 9:10:25-க்கு அந்தத் தளத்துக்குப் போனது பதிவில் தெரிந்தது. சீட் இல்லாததால் அவர்கள் பக்கம் அது ஒரு தேங்கிய வரிசையில் கிடந்திருக்கிறது. நாங்கள் பதிவைக் காட்டிய அன்றே ரீஃபண்ட் தொடங்கினார்கள். ஒன்பதாம் நாள் கார்டில் 3,600 ரூபாய் வரவானது.

இந்தப் பொங்கலுக்கு அவர் பயணிகள் விவரத்தை முன்கூட்டியே கணக்கில் சேமித்து வைத்திருந்தார். சீட்டைத் தொட்டதிலிருந்து பணம் கட்டும் வரை இரண்டு நிமிடம்கூட ஆகவில்லையாம்.