இண்டக்ஷன் அடுப்பின் செலவு மின்பட்டியலின் எந்தப் படியில் ஏறுகிறது?

திருகோணமலையில் மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு குடும்பம் காஸை விட்டு இண்டக்ஷன் அடுப்புக்கு மாறினால் மாதச் செலவு குறையுமா என்று கேட்டால், எல்லா வீட்டுக்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது. காஸின் விலை எவ்வளவு பாவித்தாலும் கிலோவுக்கு ஒன்றுதான். மின்சாரமோ அப்படியல்ல. இலங்கையில் வீட்டு மின்கட்டணம் படிப்படியாக ஏறுவதால், ஒரே அடுப்பு ஒரு வீட்டில் இலாபமாகவும் அடுத்த வீட்டில் நட்டமாகவும் முடியலாம்.

முதலில் வெப்பக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கிலோ சமையல் எரிவாயு முழுதாக எரிந்தால் ஏறத்தாழ 12.8 மின் அலகுக்குச் சமமான வெப்பம் வெளிப்படும், ஆகவே 12.5 கிலோ சிலிண்டரில் 160 அலகு அடங்கியிருக்கிறது. ஆனால் அதில் பாதியளவுதான் பாத்திரத்துக்குள் போகிறது. சுவாலையிலிருந்து எழும் சூடான வாயு பானையின் அடியைத் தொட்டுவிட்டுப் பக்கவாட்டில் வழுவி மேலே போய்விடுகிறது. சிறிய கேத்தலின் கீழ் பெரிய சுவாலை வைத்தால் வீணாவது இன்னும் கூடும். கச்சான் வீசும் மாதங்களில் குசினி யன்னலைத் திறந்து வைத்துச் சமைப்பவர்கள், சுவாலை ஒரு பக்கமாகச் சாய்ந்து பானையின் மறுபக்கம் சூடேறாமல் கிடப்பதைக் கண்டிருப்பார்கள். சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாகி, பானையின் அடியில் கரி படிந்தால் வாயு முழுதாக எரியவில்லை என்று பொருள். பர்னரின் துளைகளைத் துப்புரவாக்கினாலே அது பெரும்பாலும் சரியாகிவிடும்.

இண்டக்ஷன் அடுப்பில் சுவாலையே இல்லை. கண்ணாடித் தட்டின் கீழுள்ள செப்புச் சுருளில் நொடிக்கு இருபதாயிரம் தடவைக்கு மேல் திசைமாறும் மின்னோட்டம் பாய்கிறது. அதனால் உண்டாகும் காந்தப்புலம் பாத்திரத்தின் இரும்பு அடியில் சுழல் மின்னோட்டங்களைத் தூண்டுகிறது. அடிப்பகுதி தானாகவே சூடாகிறது. வெப்பம் பாத்திரத்திலேயே பிறப்பதால், மீட்டரில் ஓடும் மின்சாரத்தில் ஏறத்தாழ 85 வீதம் உணவைச் சேர்கிறது. பாத்திரத்தின் அடியில் ஒரு காந்தம் உறுதியாக ஒட்டவேண்டும் என்பது இதற்கான நிபந்தனை. நம் வீடுகளில் சோறு வடிக்கும் அலுமினியப் பானையும் மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியும் இந்த அடுப்பில் சூடாகா. இடையில் ஓர் இரும்புத் தகட்டை வைத்துச் சமாளிப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். அப்போது தகடு சூடாகி, அதிலிருந்து சட்டிக்கு வெப்பம் மெதுவாகக் கடக்கவேண்டியிருப்பதால், இந்த அடுப்பின் முக்கிய நன்மையே கையைவிட்டுப் போய்விடும்.

இப்போது இரண்டையும் ஒப்பிடலாம். ஒரு சிலிண்டரின் 160 அலகில் 80 அலகு பானைக்குள் போகிறது. அதே 80 அலகை இண்டக்ஷன் அடுப்பால் தரவேண்டுமானால் மீட்டரில் 94 அலகு ஓடும். எனவே சிலிண்டரின் விலையை 94 ஆல் வகுத்தால் வருவதுதான் எல்லைக்கோடு. சிலிண்டர் 3,700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அது அலகுக்கு 39 ரூபாய்க்குச் சற்று மேல். சமையலுக்காகக் கூடுதலாக ஓடும் அலகு இதைவிடக் குறைந்த விலையில் கிடைத்தால் இண்டக்ஷன் மலிவு, கூடிய விலையில் கிடைத்தால் காஸ் மலிவு.

பலரும் தவறுவது இந்த இடத்தில்தான். மொத்த மின்பட்டியலை மொத்த அலகுகளால் வகுத்து, வரும் சராசரி விலையில் அடுப்பின் செலவைக் கணக்கிடுகிறார்கள். ஆனால் மின்விசிறியும் குளிர்சாதனப்பெட்டியும் முன்பே கீழ்ப்படிகளை நிரப்பிவிட்டன; அடுப்பின் அலகுகள் அவற்றுக்கு மேலே போய் உட்காருகின்றன. அத்துடன் படி மாறும்போது நிலையான கட்டணமும் உயர்கிறது.

ஓர் உதாரணத்தை முழுதாகச் செய்துபார்ப்போம். கட்டணங்கள் அவ்வப்போது மாறுவதால் இவற்றைக் கணக்குக்கான எண்களாகவே கொள்ளவேண்டும்: முதல் 60 அலகுக்கு 13 ரூபாய், 90 வரை 19, 120 வரை 24, 180 வரை 41 ரூபாய், நிலையான கட்டணம் 90 அலகு வரை 400, 120 வரை 1,000, 180 வரை 1,500 ரூபாய். ஒரு குடும்பம் மாதம் 75 அலகு பாவிக்கிறது. சிலிண்டர் 45 நாள் வருகிறது. அப்படியானால் அவர்களுடைய மின்பட்டியல் 1,465 ரூபாய், மாதக் காஸ் செலவு ஏறத்தாழ 2,467 ரூபாய்.

இவர்கள் சமையல் முழுவதையும் இண்டக்ஷனுக்கு மாற்றினால் மாதம் ஏறத்தாழ 63 அலகு கூடி, பாவனை 138 ஆகும். பட்டியல் 4,308 ரூபாயாக உயரும். கூடியது 2,843 ரூபாய், காஸில் மிச்சமானது 2,467 ரூபாய். ஆகவே மாதம் 376 ரூபாய் நட்டம். அதே குடும்பம் 90 அலகைத் தாண்டாமல் மாதம் 15 அலகுக்கு மட்டும் அந்த அடுப்பைப் பாவித்தால், பட்டியல் 285 ரூபாயால் மட்டுமே கூடும். அந்த 15 அலகு செய்யும் வேலைக்குக் காஸில் 590 ரூபாய் போயிருக்கும். மாதம் 300 ரூபாய் மிச்சம். 120 வரை போனாலும் மிச்சம் உண்டு, ஆனால் நிலையான கட்டணம் 600 ரூபாய் ஏறுவதால் அது 170 ரூபாய் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது.

மாதம் 60 அலகுக்குள் நிற்கும் வீடுகள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். அவர்களுக்குத் தனியான சலுகை விலை உண்டு; 61ஆவது அலகில் அந்தச் சலுகை போய், முதல் அலகிலிருந்தே கூடிய விலை விழுகிறது. மாதம் 40 அலகு பாவிப்பவருக்கு இன்னும் 20 அலகு மிக மலிவாகச் சமைக்க இடமிருக்கிறது, அதற்கு மேல் இல்லை. ஏசி ஓடுவதால் 180ஐத் தாண்டிய வீடுகளில் அடுப்பின் ஒவ்வோர் அலகும் மிக உயர்ந்த விலையில் சேர்வதால், கூரையில் சோலர் இல்லாவிட்டால் காஸே அவர்களுக்கு நல்லது.

உங்கள் அடுப்பு உண்மையில் 85 வீதம் தருகிறதா என்று மின்மானியைக் கொண்டே சோதிக்கலாம். வீட்டின் மற்றச் சாதனங்களை நிறுத்திவிட்டு, மூடியிட்ட பாத்திரத்தில் இரண்டு லீட்டர் தண்ணீரை 30 பாகையிலிருந்து கொதிக்க வையுங்கள். தண்ணீருக்கு வேண்டியது 0.16 அலகு, மீட்டரில் 0.19 அலகு ஓடினால் கணக்குச் சரி. ஓர் அலகுக்கு 1,600 தடவை மினுங்கும் மின்மானியாக இருந்தால், சிவப்பு விளக்கு ஏறத்தாழ 300 தடவை மினுங்கும். 350ஐத் தாண்டினால் பாத்திரத்தின் அடி சுருளைவிடச் சிறிதாகவோ, தட்டையாக இல்லாமலோ இருக்கக்கூடும்.

நாளுக்கு அரை அலகு என்பது சிறிதாகத் தோன்றலாம், ஆனால் அதில் ஐந்து லீட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கலாம். காலைத் தேநீருக்கும், பிட்டு இடியப்பம் அவிக்கும் தண்ணீருக்கும், குடிநீர் காய்ச்சுவதற்கும் அது போதும். தண்ணீர் கொதிக்கவைக்கும் வேலையில் மண்சட்டியும் தேவையில்லை, சுவாலையைக் கூட்டிக் குறைக்கும் கைப்பக்குவமும் தேவையில்லை. குழம்பும் பொரியலும் காஸிலேயே இருக்கட்டும். மேலே சொன்ன குடும்பத்துக்கு, 45 நாள் வந்த சிலிண்டர் இப்படிச் செய்தால் ஏறத்தாழ இரண்டு மாதம் வரும்.