மார்கழித் தேங்காய் எண்ணெயும் ஃப்ரிட்ஜ் தக்காளியும்

மாம்பலத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “விலை குறைந்ததே என்று கோயம்பேட்டில் 5 கிலோ தக்காளி வாங்கி, கவரில் கட்டி ஃப்ரிட்ஜில் வைத்தேன். பத்து நாள் நன்றாகத்தான் இருந்தது. வெளியே எடுத்து வைத்த மறுநாளே கரும்புள்ளி விழுந்து அழுகிவிட்டது. ஏன்?”

பறித்த பிறகும் காய்க்கு உயிர் உண்டு. சேர்த்து வைத்த சர்க்கரையைக் கரைத்து அது மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது. வெப்பம் 10 டிகிரி குறைந்தால் அந்த மூச்சு ஏறக்குறைய பாதியாகும். மதனப்பள்ளியில் உச்சி வெயிலில் 35 டிகிரி சூட்டோடு பறித்த தக்காளி ஒரு நாளில் செலவழிப்பதை, 15 டிகிரியில் வைத்தால் நான்கு நாள் வைத்துச் செலவழிக்கும். குளிர்பதனக் கிடங்கு தருவது இந்த அவகாசத்தைத்தான்.

சரி, அப்படியானால் 4 டிகிரி இன்னும் நல்லதுதானே? தக்காளிக்கு இல்லை. மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடப்பதைச் சென்னையில்கூடப் பார்க்கிறோம். தக்காளியின் ஒவ்வொரு செல்லையும் சுற்றியிருப்பதும் மெல்லிய கொழுப்புப் படலம்தான். அது இளகி இருக்கும்வரை, அதில் பதிந்திருக்கும் புரதங்கள் வேண்டியதை உள்ளே விட்டு, உப்புகளை வெளியேறாமல் காக்கும். சுமார் 12 டிகிரிக்குக் கீழே அந்தக் கொழுப்பு விறைக்கத் தொடங்குகிறது. புரதங்கள் முடங்குகின்றன. படலம் கசிகிறது. கேரட், முட்டைக்கோஸ் போன்ற குளிர்நாட்டுப் பயிர்களின் படலம் 4 டிகிரியிலும் இளகியே இருப்பதால் அவை தப்பிக்கின்றன.

இதில் என்னை அசத்துவது, தக்காளி குளிருக்குள் இருக்கும்வரை காயம் கண்ணுக்கே தெரியாது என்பதுதான். குளிரில் எல்லாமே மெதுவாக நடக்கிறது. வெளியே எடுத்துச் சூடானதும், கசிந்த செல்கள் குழிகளாக அமுங்குகின்றன, அந்த இடங்களில் பூஞ்சை புகுந்து கருக்கிறது. அதனால்தான் கிடங்குக்காரர் நல்ல சரக்கு என்று அனுப்பியது கடையில் இறங்கிய மறுநாள் குப்பைக்குப் போகிறது. உருளைக்கிழங்குக்கு வைத்த 4 டிகிரி அறையில் தக்காளியையும் அடுக்குவதைவிட, விளையும் ஊரிலேயே 13 டிகிரிக்குச் சூட்டைத் தணிக்கும் சின்ன அறைகளுக்கு அரசு பணம் ஒதுக்குவது நல்லது என்பது என் கருத்து.

கட்டிய கவர் இன்னொரு தவறு. மூச்சோடு நீரும் வெளியேறி, உள்ளே முத்து முத்தாகக் கோத்து, பூஞ்சைக்கு வசதியாகிறது. கவரே இல்லாவிட்டாலோ தோல் சுருங்கும். நாலைந்து துளை போட்ட கவர் இரண்டையும் தவிர்க்கும். லாரியில் வரும் பிளாஸ்டிக் கிரேட்டின் பக்கங்களில் ஓட்டைகள் இருப்பதும் மூச்சின் சூடும் ஈரமும் வெளியேறத்தான்.

அடுத்த முறை வாங்கியதும் பிரித்துவிடுங்கள். பச்சை ஓடியவற்றைக் கூடையில் பரப்பி வெளியே வையுங்கள், ஃப்ரிட்ஜுக்குள் போனால் அவை சரியாகச் சிவக்காது. நன்கு சிவந்தவை குளிரைக் கொஞ்சம் தாங்கும். துளைக் கவரில் போட்டுக் காய்கறித் தட்டில் வைத்து, மூன்று நான்கு நாளில் ரசத்துக்கு எடுத்துவிடுங்கள்.