மூன்று பக்கங்களை ஒன்றாக்கினால் அவற்றின் மதிப்பு எங்கே போகிறது?

"வருஷத்துக்கு ஒருமுறை இணையதளத்தில் உள்ள பழைய பக்கங்களை அழித்துவிட்டால் கூகுள் தேடலில் மேலே வரலாமாமே, உண்மையா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

பழையது என்ற ஒரே காரணத்துக்காக அழிப்பதில் பலனில்லை. 2023-இல் சிநெட் என்ற தொழில்நுட்பச் செய்தித் தளம் ஆயிரக்கணக்கான பழைய கட்டுரைகளை நீக்கியது. பழைய உள்ளடக்கம் கூகுளுக்குப் பிடிக்காது என்பது உண்மையல்ல என்று அதே சமயத்தில் கூகுள் தரப்பே வெளிப்படையாகச் சொன்னது. ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து செய்தாலும் மூடநம்பிக்கை மூடநம்பிக்கைதான். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை தளத்தைப் பரிசீலிக்கும்போது, விஷயம் குறைந்த மெலிந்த பக்கங்களை ஒன்றாக இணைப்பதற்குப் பலன் உண்டு. அதன் பின்னால் ஓர் அழகான கணக்கு இருக்கிறது.

கூகுளை உருவாக்கிய லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-இல் வெளியிட்ட பேஜ்ரேங்க் முறையில், ஒரு பக்கத்தின் மதிப்பை அதைச் சுட்டும் மற்றப் பக்கங்கள்தான் தீர்மானிக்கின்றன. சுட்டும் பக்கம் தன் மதிப்பில் 0.85 பங்கை எடுத்து, தன்னிடமுள்ள எல்லா இணைப்புகளுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கிறது. மதிப்பு 1 உள்ள பக்கத்தில் 10 இணைப்புகள் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் 0.085 போகும். இன்றைய தேடல் வேறு பல அளவுகோல்களையும் பார்க்கிறது. பேஜ்ரேங்க்கும் வளர்ந்து மாறி அவற்றில் ஒன்றாகவே இருக்கிறது.

ஒரு தளத்தில் பேட்டரி பராமரிப்பு பற்றி மூன்று பக்கங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சூடாவது பற்றி ஒன்று, 100 சதவீதம் சார்ஜ் செய்வது பற்றி ஒன்று, ஆயுள் பற்றி ஒன்று. ஒவ்வொன்றிலும் நாலைந்து வரிகள்தான். வெளியிலிருந்து அவற்றுக்கு முறையே 6, 3, 1 இணைப்புகள் வருகின்றன. எல்லாம் சம மதிப்புள்ளவை. தேடுபவருக்கோ மூன்றும் சேர்ந்தால்தான் முழுப் பதில். குறைவான இணைப்புகள் வரும் இரண்டையும் அழித்துவிட்டால், பத்தில் நான்கு பங்கு மதிப்பு, இனி இல்லாத முகவரிக்குப் போய் வீணாகும். அந்த இணைப்புகள் மற்றவர்களின் தளங்களில் இருப்பதால் நாம் அவற்றைத் திருத்தவும் முடியாது.

இங்கேதான் 301 என்ற எண் உதவுகிறது. பழைய முகவரியைக் கேட்டு வருபவரிடம் 'நிரந்தரமாக இடம் மாறிவிட்டது' என்று சொல்லி, புது முகவரியையும் சேர்த்து சர்வர் அனுப்பும் பதில் அது. மூன்றின் விஷயத்தையும் /battery-care என்ற ஒரே பக்கத்தில் சேர்த்துவிட்டால், அப்பாச்சி சர்வரில் பழைய பக்கம் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வரி போதும்:

```
Redirect 301 /battery-heat /battery-care
```

இதைப் பார்த்த தேடுபொறி இரண்டு முகவரிகளையும் ஒரே குழுவில் போட்டு, அதில் ஒன்றை முதன்மையாகத் தேர்ந்தெடுக்கிறது. பழைய முகவரிக்கு வந்த இணைப்புகளும் அதன் கணக்கிலேயே சேர்கின்றன. 6, 3, 1 என்று சிதறிக் கிடந்தது பத்தாக ஒரே இடத்தில் நிற்கிறது. வெளியே யாரும் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை! எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஒரு நிபந்தனை உண்டு: பழைய பக்கத்தின் விஷயம் புதிய பக்கத்தில் உண்மையிலேயே இருக்க வேண்டும். நீக்கிய பக்கங்களையெல்லாம் முகப்புக்குத் திருப்பிவிட்டால், அவற்றைக் காணாமல்போன பக்கங்களாகவே கூகுள் எடுத்துக்கொள்ளும். இணைக்க இடமே இல்லாத, காலாவதியான பக்கத்துக்கு 410 கொடுப்பதுதான் நேர்மை. 'இது இனி இல்லை' என்று அது சொல்லும்.

ஆனால் அழிக்குமுன் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டுகளில் கிடைக்காமல் போயின என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. குறிப்பாக, ஏதோ ஓர் ஆய்வுத் திட்டத்துக்கான நிதி முடிந்ததும் அதன் தளமும் தரவும் மறைவது எனக்குப் பொறுக்கவில்லை. நிதி ஒதுக்கும்போதே தளத்தைப் பராமரிக்க ஒரு சிறு பங்கைத் தனியாக வைக்க வேண்டும்.

ஆண்டுதோறும் பக்கங்களை இணைப்பவர்களுக்கு வரும் சிக்கல் சங்கிலி. போன வருஷம் அ-வை ஆ-வுக்குத் திருப்பினீர்கள், இந்த வருஷம் ஆ-வை இ-க்குத் திருப்புகிறீர்கள் என்றால், அ-வுக்கு வருபவர் இரண்டு தாவல் தாவ வேண்டும். பக்கங்களைப் படிக்க வரும் கூகுளின் தானியங்கி பத்துத் தாவல்களுக்கு மேல் போகாது. ஆகவே பழைய விதியையும் திருத்தி, அ-வை நேராக இ-க்குத் திருப்ப வேண்டும். சரிபார்ப்பது எளிது:

```
curl -I https://example.com/battery-heat
```

பதிலில் 301-உம், `Location` வரியில் கடைசி முகவரியும் வர வேண்டும். இன்னொரு 301 உள்ள முகவரி வந்தால் சங்கிலி இன்னும் அறுபடவில்லை. திருப்பிய விதியைக் குறைந்தது ஓராண்டாவது விட்டுவைக்கச் சொல்கிறது கூகுள். முடிந்தால் நிரந்தரமாகவே விட்டுவிடுங்கள். அந்த ஒரு வரியால் சர்வருக்குச் செலவு ஏதுமில்லை.